வடகடல் நண்டு 60, தென்கடல் நண்டு 20: சேர்த்தால் எஸ்.டி. 10.5-ஆ, 13.6-ஆ?

மண்டபம்_ஸ்கேல்

நீலக்கால் நண்டின் ஓட்டு அகலம், மில்லிமீட்டரில். பாம்பனுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இறங்கியதில் 60 நண்டு: சராசரி 112, எஸ்.டி. 10. தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கியதில் 20 நண்டு: சராசரி 132, எஸ்.டி. 12. ஒவ்வொரு நண்டின் அளவும் எழுதிய தாள் கையில் இல்லை, இந்த ஆறு எண்கள்தான் இருக்கின்றன.

அறிக்கையின் அட்டவணையில் "மொத்தம் 80" என்று ஒரு வரி வேண்டும். சராசரியில் குழப்பம் இல்லை, 117 வருகிறது. எஸ்.டி.க்குத்தான் இரண்டு விடை. பூல்டு எஸ்.டி. என்று கிடைத்த வாய்பாட்டில் போட்டால் 10.52. வேறொரு வாய்பாட்டில் போட்டால் 13.61. இரண்டும் "இரு குழுக்களைச் சேர்க்க" என்றுதான் சொல்கின்றன. எதை எழுதுவது?

தொண்டித்துறை

10.52 தாங்க சரி. ரெண்டு எஸ்.டி.யையும் வர்க்கப்படுத்தி, எண்ணிக்கைக்கு ஏத்த எடை போட்டு, சராசரி எடுத்து வர்க்கமூலம் போடணும். எஸ்.டி.ங்கறது சிதறல். சராசரி எங்க இருக்குன்னு அதுக்குக் கவலை இல்ல. எல்லா நண்டுக்கும் 5 மி.மீ. கூட்டினாலும் எஸ்.டி. மாறாதே? அதனால 112, 132 ரெண்டும் இந்தக் கணக்குக்குள்ள வரவே கூடாது.

பலரும் செய்யற தப்பு 10, 12 ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்து 11-னு எழுதறது. அதை மட்டும் செஞ்சிடாதீங்க.

தேவிபட்டினம்_பலகை

தம்பி தொண்டித்துறை, *எல்லா* நண்டுக்கும் 5 கூட்டினால் எஸ்.டி. மாறாது என்பது உண்மை. தென்கடல் 20 நண்டுக்கு மட்டும் 5 கூட்டிப் பாருங்கள். அந்த 20-இன் எஸ்.டி. மாறாது, வடகடல் 60-இன் எஸ்.டி.யும் மாறாது. ஆனால் 80-ஐயும் ஒரே கூடையில் கொட்டினால் சிறியதற்கும் பெரியதற்கும் இடைவெளி கூடிவிட்டதல்லவா? கூடையின் சிதறல் கூடித்தான் ஆக வேண்டும்.

ஐந்து நண்டை வைத்துக் கையால் போட்டுப் பார்க்கலாம். வடக்கு மூன்று: 100, 110, 120. தெற்கு இரண்டு: 130, 140.

வடக்கின் சராசரி 110. விலக்கங்களின் வர்க்கம் 100, 0, 100, கூட்டினால் 200. தெற்கின் சராசரி 135. வர்க்கம் 25, 25, கூட்டினால் 50. ஆக, குழுவுக்குள் இருக்கும் சிதறல் மொத்தம் 250.

இப்போது ஐந்தையும் ஒன்றாக வையுங்கள். சராசரி 120. விலக்கங்கள் −20, −10, 0, 10, 20. வர்க்கங்களின் கூட்டல் 400 + 100 + 0 + 100 + 400 = 1000. 250 எங்கே, 1000 எங்கே! நடுவில் உள்ள 750, இரண்டு குழுக்களும் பொதுச் சராசரியிலிருந்து விலகி நிற்பதால் வந்தது. வடக்கு 10 மி.மீ. கீழே, மூன்று நண்டு: 3 × 100 = 300. தெற்கு 15 மி.மீ. மேலே, இரண்டு நண்டு: 2 × 225 = 450. மொத்தம் 750.

250-ஐ 3-ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 9.13. அது பூல்டு. 1000-ஐ 4-ஆல் வகுத்து மூலம் எடுத்தால் 15.81. அது ஐந்து நண்டின் எஸ்.டி. கூடையில் இருக்கும் ஐந்தையும் எக்செலில் போட்டு STDEV.S கொடுத்தால் 15.81 தான் வரும், 9.13 வராது.

மண்டபம் சார், உங்கள் வரியின் தலைப்பு "மொத்தம் 80". 80 நண்டையும் மறுபடி அளந்தால் என்ன வருமோ அதைத்தான் அந்த வரி சொல்ல வேண்டும். அது 13.61.

மண்டபம்_ஸ்கேல்

ஐந்து நண்டில் புரிந்தது, மேடம். இரண்டாவது வாய்பாட்டில் 15 என்று ஒரு எண் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? 60-ஐயும் 20-ஐயும் பெருக்கி 80-ஆல் வகுக்கச் சொல்கிறார்கள்.

தேவிபட்டினம்_பலகை

மேலே 300 + 450 என்று போட்டேனே, அதன் சுருக்கு வழிதான் அது. உங்கள் எண்ணில் நீளமாகவே போடலாம். பொதுச் சராசரி 117. வடக்கு அதற்கு 5 கீழே: 60 × 25 = 1500. தெற்கு 15 மேலே: 20 × 225 = 4500. கூட்டினால் 6000. சுருக்கு வழி: 60 × 20 ÷ 80 = 15, சராசரிகளின் வித்தியாசம் 20, அதன் வர்க்கம் 400, 15 × 400 = 6000. பொதுச் சராசரியைத் தனியாகக் கணக்கிடாமலே வந்துவிடுகிறது.

முழுக் கணக்கு:

```
உள்ளே  W = 59×100 + 19×144 = 5900 + 2736 = 8636
இடையே  B = 60×20/80 × (132−112)² = 15 × 400 = 6000

பூல்டு    = √( W / 78 )       = √110.7 = 10.52
மொத்தம் 80 = √( (W + B) / 79 ) = √185.3 = 13.61
```

6000-இல் 4500 சின்னக் குழுவிடமிருந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். 20 நண்டுதான், ஆனாலும் பொதுச் சராசரி பெரிய குழுவின் பக்கம் சாய்ந்து நிற்பதால் சின்னக் குழு தள்ளி விழுகிறது. வர்க்கம் எடுக்கும்போது அந்தத் தூரம் பெருத்துவிடுகிறது.

பள்ளிப் பாடத்தில் கூட்டுத் திட்ட விலக்கம் என்று படித்தவர்களுக்கு n-ஆல் வகுக்கும் வடிவம் பழக்கமாக இருக்கும். அதில் போட்டால் 14880 ÷ 80 = 186, மூலம் 13.64. 13.61-க்கும் 13.64-க்கும் வித்தியாசம் n, n−1 என்பதில் மட்டும்தான். கொடுத்த 10-உம் 12-உம் STDEV.S-இல் எடுத்ததா STDEV.P-இல் எடுத்ததா என்று பார்த்து அதற்கேற்ற வடிவத்தை எடுங்கள். 60, 20 என்ற அளவில் பெரிய சேதம் இல்லை. ஐந்து நண்டு என்றால் சேதம் தெரியும்.

ஏர்வாடி_வடம்

என் கணக்கில் 15.62 வருகிறதே? இரண்டு தனித்தனி அளவுகளைச் சேர்க்கும்போது வேரியன்ஸைக் கூட்ட வேண்டும் என்பது விதி. 100 + 144 = 244, மூலம் 15.62. ஐஸ் பெட்டி எடையில் இப்படித்தான் செய்கிறோம்: வெறும் பெட்டியின் எடைக்கு ஒரு எஸ்.டி., மீனின் எடைக்கு ஒரு எஸ்.டி., நிரம்பிய பெட்டிக்கு மூலத்துக்குள் கூட்டல்.

கீழக்கரை_சாய்வு

அண்ணே, அது வேற கேள்வி. நீங்க சொல்றது வடக்கிலிருந்து ஒரு நண்டு, தெற்கிலிருந்து ஒரு நண்டு எடுத்து, ரெண்டு அகலத்தையும் *கூட்டினா* அந்தக் கூட்டுத்தொகை எவ்வளவு சிதறும்ங்கறது. பெட்டியும் மீனும் ஒன்னு மேல ஒன்னு ஏறுது, அதனால அங்க அது சரி. இங்க நண்டு மேல நண்டு அடுக்கல, பட்டியலுக்கு அடியில பட்டியல் ஒட்டறோம்.

வித்தியாசம் தெரிய ஒரு வழி: உங்க வாய்பாட்டுல 60-உம் 20-உம் எங்கயும் வரல. பட்டியல் ஒட்டற கணக்குல எண்ணிக்கை வராம இருக்கவே முடியாது. 60 நண்டோட ஒரே ஒரு நண்டைச் சேர்த்தாலும் 15.62-னா அது எப்படி?

ஏர்வாடி_வடம்

சரிதான். எண்ணிக்கை இல்லாதது கண்ணில் படவில்லை. பெட்டிக் கணக்கைப் பெட்டிக்கே வைத்துக்கொள்கிறேன்.

தொண்டித்துறை

பலகை அக்கா சொன்னது விளங்குது, "மொத்தம்" வரிக்கு 13.61-னு ஒத்துக்கறேன். அப்ப பூல்டு எதுக்குத்தான் இருக்கு? வடக்கு நண்டும் தெற்கு நண்டும் ஒரே அளவான்னு டி-சோதனை போடும்போதும் 13.61 தானே போடணும், அதுதானே உண்மையான சிதறல்? இன்னொன்னு, சேர்த்த எஸ்.டி. எப்பவுமே பூல்டை விடப் பெருசாத்தானே இருக்கும், B-ஐக் கூட்டறோமே?

கீழக்கரை_சாய்வு

ரெண்டும் இல்ல தம்பி.

முதல்ல சோதனை. சராசரிகள் 20 மி.மீ. வேறன்னு சொல்ல, அந்த 20-ஐ எதோட ஒப்பிடறோம்? ஒரே கடல்ல பிடிச்ச நண்டுங்க தங்களுக்குள்ள எவ்வளவு மாறுதோ அதோட. 13.61-க்குள்ள அந்த 20 மி.மீ. ஏற்கெனவே புகுந்து உட்கார்ந்திருக்கு. வித்தியாசத்தை வித்தியாசத்தாலயே வகுத்தா அது தன்னைத்தானே சின்னதாக்கிக்கும். எண்ணுல பாருங்க:

10.52 போட்டா நிலைப்பிழை 10.52 × √(1/60 + 1/20) = 2.72, டி = 7.36.
13.61 போட்டா நிலைப்பிழை 3.51, டி = 5.69.

விளைவளவுக்கும் அப்படித்தான்: 20 ÷ 10.52 = 1.90. தப்பா 13.61 போட்டா 1.47. இங்க வித்தியாசம் பெருசுங்கறதால எப்படிப் போட்டாலும் முடிவு மாறல. வித்தியாசம் 5.5 மி.மீ. மாதிரி எல்லைக்கோட்டுல இருந்திருந்தா இந்தத் தப்பு முடிவையே புரட்டிடும்.

ஆனா பூல்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. ரெண்டு கடலோட உண்மையான சிதறலும் ஒன்னுதான், 10, 12-ங்கறது மாதிரியால வந்த ஆட்டம்னு ஒத்துக்கிட்டாத்தான் அது செல்லும். இங்க ஒரு ஆபத்து இருக்கு: சிதறல் அதிகமா இருக்கறது *சின்ன* குழு. பூல்டுல 60 நண்டோட 10 தான் ஓங்கி நிக்குது, அதனால 20 நண்டோட 12-ஐ அமுக்கிடுது. நிலைப்பிழை உள்ளதை விடக் குறைவா வரும், இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்ல வாய்ப்பு கூடும். வெல்ச் முறைல √(100/60 + 144/20) = 2.98, டி = 6.72, சுதந்திர எண் 78-லேர்ந்து 28-க்கு இறங்கிடுது. சின்னக் குழு சிதறலா இருந்தா யோசிக்காம வெல்ச் போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

ரெண்டாவது, எப்பவும் பெருசாங்கறது. பூல்டுல 78-ஆல வகுக்கறோம், மொத்தத்துல 79-ஆல. சராசரிகள் ரெண்டும் ஒன்னா இருந்தா B பூஜ்யம், 8636 ÷ 79-க்கு மூலம் 10.46. பூல்டு 10.52. மொத்தம்தான் சின்னது! எந்த இடத்துல மாறும்னா, B-யும் பூல்டு வேரியன்ஸும் சமமாகற இடத்துல. இந்தக் கணக்குல சராசரி வித்தியாசம் 2.72 மி.மீ. ஆகும்போது. மேல பாருங்க, அதே 2.72 தான் பூல்டு நிலைப்பிழை. அதாவது டி 1-ஐத் தாண்டினா மொத்த எஸ்.டி. பெருசு, தாண்டலைன்னா சின்னது. தற்செயலா வந்த பொருத்தம் இல்ல, எந்த ரெண்டு குழுவுக்கும் இது அப்படியே நிக்கும்.

தொண்டித்துறை

டி = 1-ல மாறுதுங்கறதை நாலஞ்சு எண் மாத்திப் போட்டுப் பாத்தேன், நிக்குது. "சராசரி உள்ள வரவே கூடாது"ன்னு மேல எழுதினது பூல்டுக்கு மட்டும்னு படிச்சுக்கங்க.

பாசிக்கயிறு

இதே மாதிரி ஒன்று, கடல்பாசி மிதவையில். 45 நாள் கழித்து அறுத்த ஈர எடை, கிலோவில். மூன்று குழுக்கள்: 30 மிதவை சராசரி 210 எஸ்.டி. 20, 12 மிதவை சராசரி 240 எஸ்.டி. 25, 8 மிதவை சராசரி 180 எஸ்.டி. 30. 50 மிதவைக்கும் சேர்த்து எஸ்.டி. வேண்டும்.

முதல் இரண்டைப் பூல்டு போட்டேன். வந்ததை ஒரே குழுவாக வைத்து, மூன்றாவதோடு மேலே உள்ள W, B கணக்கில் சேர்த்தேன். 26.8 வந்தது. சரிபார்க்க முதலாவதையும் மூன்றாவதையும் முதலில் சேர்த்து, பிறகு இரண்டாவதைச் சேர்த்தேன். 27.6 வருகிறது. கூட்டல் பிழை எதுவும் இல்லை, மூன்று முறை பார்த்தாயிற்று.

தேவிபட்டினம்_பலகை

கூட்டலில் பிழை இல்லை, கலவையில்தான் பிழை. முதல் இரண்டைப் பூல்டு போட்டதும் 210-க்கும் 240-க்கும் இடையே உள்ள 30 கிலோ வித்தியாசம் தொலைந்துபோயிற்று. அடுத்த படியில் மூன்றாவது குழுவின் வித்தியாசம் மட்டும்தான் உள்ளே வந்தது. எந்த இரண்டை முதலில் சேர்க்கிறீர்களோ அந்த இரண்டின் இடைவெளி காணாமல் போகும், அதனால்தான் வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது.

அதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வரிசையில் சேர்த்தாலும் ஒரே விடை வந்தால் கணக்கு ஒழுங்கு. வராவிட்டால் எங்கோ பூல்டும் கூட்டும் கலந்திருக்கிறது.

மூன்றையும் ஒரே மூச்சில் செய்யலாம். W: 29 × 400 + 11 × 625 + 7 × 900 = 24775. பொதுச் சராசரி 212.4. B: 30 × 2.4² + 12 × 27.6² + 8 × 32.4² = 17712. கூட்டி 49-ஆல் வகுத்தால் 867, மூலம் 29.4. பூல்டு மட்டும் வேண்டுமென்றால் 24775 ÷ 47, மூலம் 23.0. உங்கள் 26.8-உம் 27.6-உம் இரண்டுக்கும் நடுவில் எதுவுமாக இல்லாமல் நிற்கின்றன.

படிப்படியாகத்தான் சேர்க்க வேண்டும், அறுப்புக்கு அறுப்பு புதுக் குழு வந்துகொண்டே இருக்கும் என்றால், எஸ்.டி.யைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை, சராசரி, W, B நான்கையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். கடைசியில் எது வேண்டுமோ அதை வகுத்து எடுக்கலாம்.

பாசிக்கயிறு

29.4 இப்போது எந்த வரிசையிலும் வருகிறது. நன்றி மேடம்.

வெர்னியர்_வேதாளை

கணக்கு முடிந்தது போலத் தெரிகிறது. எனக்கு அந்த 20 மி.மீ. மேலேயே சந்தேகம். மண்டபம் சார், ஓட்டின் அகலம் எங்கிருந்து எங்கே அளந்தது? நீலக்கால் நண்டின் ஓட்டில் இரண்டு பக்கமும் நீண்ட முள் இருக்கிறது. சிலர் முள் முனையிலிருந்து முள் முனை வரை அளப்பார்கள். சிலர் முள்ளை விட்டுவிட்டு, முள்ளின் அடியில் உள்ள பள்ளத்திலிருந்து பள்ளம் வரை அளப்பார்கள். இரண்டு வழக்கமும் உண்டு. வடக்கில் ஒருவர் அடியை அளந்து, தெற்கில் இன்னொருவர் முனையை அளந்திருந்தால், 20 மி.மீ.யில் ஒரு நல்ல பங்கு நண்டுடையது இல்லை, அளந்த கையுடையது.

பூல்டில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் ஒரே மாதிரி அளந்திருப்பதால் 10-உம் 12-உம் பெரிதாக மாறாது. மொத்த எஸ்.டி.யில்தான் அந்தப் பிழை முழுசாக வர்க்கமாகி ஏறும். 13.61-ஐ நம்புவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். ஓட்டின் நீளமும் அளந்திருந்தால் குழுவாரியாக சராசரி அகலத்தைச் சராசரி நீளத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே இன நண்டு, அந்த விகிதம் இரண்டு கடலிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று தெளிவாகத் தூக்கலாக இருந்தால் அங்கே முள்ளையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வலை. இரண்டு பக்கமும் நண்டு வலையின் கண் அளவு ஒன்றுதானா? பெரிய கண் வலை சின்ன நண்டை விட்டுவிடும்.

மண்டபம்_ஸ்கேல்

நீளத்தின் சராசரி இரண்டு குழுவுக்கும் இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன். வலைக்கண் அளவு குறித்து வைக்கப்படவில்லை.

இதற்கிடையில் வடக்கு 60-இன் மூலத் தொகைகள் மட்டும் கிடைத்தன: அகலங்களின் கூட்டல், வர்க்கங்களின் கூட்டல். சரிபார்க்கலாம் என்று வர்க்கங்களின் கூட்டலிலிருந்து 60 × 112²-ஐக் கழித்து 59-ஆல் வகுத்தேன். எஸ்.டி. 10 வரவில்லை, 13.8 வருகிறது. அப்படியானால் கொடுத்த 10 தப்பா?

கீழக்கரை_சாய்வு

112-ங்கறது முழு எண்ணாக்கினதா? கூட்டலை 60-ஆல வகுத்துத் தசமத்தோட சொல்லுங்க சார்.

மண்டபம்_ஸ்கேல்

112.4.

கீழக்கரை_சாய்வு

அதுதான். 112.4-இன் வர்க்கம் 12633.76, 112-இன் வர்க்கம் 12544. வித்தியாசம் 89.76. அதை 60-ஆல பெருக்குங்க, 5386. உங்க W-ல வடக்கோட பங்கே 5900 தான்! 0.4 மி.மீ.யை வெட்டினதுக்கு அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்காயிடுச்சு. √(11286 ÷ 59) = 13.8, உங்களுக்கு வந்த அதே எண். கொடுத்த 10 சரி, கழிச்ச 112 தான் தப்பு.

வர்க்கக் கூட்டலிலிருந்து கழிக்கற வழில ரெண்டு பெரிய எண்ணைக் கழிச்சு ஒரு சின்ன எண்ணை எடுக்கறோம். அங்க சராசரியைத் தசமம் வெட்டாம வைக்கணும், இல்லைன்னா அந்த வழியே வேணாம். W, B வழில அதே 0.4 பிழை அவ்வளவு கடிக்காது. வித்தியாசம் 20-க்குப் பதில் 19.6-னா B 6000-லேர்ந்து 5762, மொத்த எஸ்.டி. 13.5. கொஞ்சம் நகருது, கவிழல.

வெர்னியர்_வேதாளை

ஒரு கேள்வி இன்னும் யாரும் தொடவில்லை. 60-உம் 20-உம் எப்படி வந்த எண்ணிக்கை? துறையில் இறங்கிய நண்டில் நாலில் மூன்று வடக்கிலிருந்து வந்ததா, இல்லை அளக்க நேரம் இருந்த அளவு அதுவா?

மண்டபம்_ஸ்கேல்

அளக்க முடிந்த அளவு. தெற்கே நண்டு பெரிது, வியாபாரி சீக்கிரம் எடுத்துவிடுவார், அதனால் 20-உடன் நின்றது. இறங்கிய விகிதம் வேறு.

தேவிபட்டினம்_பலகை

அப்படியென்றால் 13.61 என்பது *அளந்த 80 நண்டின்* எஸ்.டி. மட்டும்தான். "இந்தக் கரையில் இறங்கும் நண்டின் எஸ்.டி." என்று எழுதக் கூடாது. அதற்கு மாதிரி எண்ணிக்கைக்குப் பதிலாக இறங்கிய பங்கை எடையாக வைக்க வேண்டும். வடக்கின் பங்கு p, தெற்கின் பங்கு q என்றால்:

```
வேரியன்ஸ் = p×s1² + q×s2² + p×q×(m1−m2)²
```

பாதிக்குப் பாதி என்றால் 50 + 72 + 100 = 222, எஸ்.டி. 14.9, சராசரி 122. பத்தில் ஒன்பது வடக்கு என்றால் 90 + 14.4 + 36 = 140.4, எஸ்.டி. 11.8, சராசரி 114. அதே நண்டுகள்தான், அதே 10-உம் 12-உம்தான். பங்கு மாறினால் 11.8 முதல் 14.9 வரை ஆடுகிறது. நீங்கள் முதலில் கேட்ட 10.5-ஆ 13.6-ஆ என்ற இடைவெளி அளவுக்கு எடை மட்டுமே இழுத்துவிடுகிறது.

தொண்டித்துறை

பங்குன்னா கிலோ கணக்குலயா, நண்டு எண்ணிக்கைலயா? துறையில எழுதற புத்தகத்துல கிலோதான் இருக்கும்.

தேவிபட்டினம்_பலகை

அகலம் நண்டுக்கு ஒன்று என்று அளந்தது, அதனால் எடையும் எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும். தெற்கு நண்டு பெரிது, ஒரு கிலோவுக்குக் குறைவான நண்டுதான் நிற்கும். கிலோவை அப்படியே பங்காக வைத்தால் தெற்கு உள்ளதை விடக் கூடுதலாகப் பேசும். இரண்டு பக்கமும் ஒரு கிலோவுக்கு எத்தனை நண்டு என்று எண்ணி, அதால் கிலோவைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_சாய்வு

அக்கா, இதுல எனக்கு முழுசா உடன்பாடு இல்ல. வாங்கறவங்களுக்கு ஒரு கிலோ நண்டுல அளவு எப்படிப் பரவியிருக்குங்கறதுதான் வேணும்னா கிலோ எடைதான் சரி. அறிக்கை யாருக்குங்கறதைப் பொறுத்தது. அதோட, "மொத்தம்" வரியே வேணுமாங்கறது என் கேள்வி. 117-ஐச் சுத்தி 13.6 முன்ன பின்ன போட்டா 103.4 முதல் 130.6 வரை. தெற்கோட சராசரி 132, அதுவே அந்த வரம்புக்கு வெளியில நிக்குது. ரெண்டு குழு கலந்த பரவலை ஒரே குழு மாதிரி காட்டற வரி அது.

தேவிபட்டினம்_பலகை

வரியை நீக்குவதை நான் ஏற்க மாட்டேன். பின்னால் வேறொருவர் இந்த 80-ஐத் தன் மாதிரியோடு சேர்க்க வேண்டுமென்றால் அந்த எண் வேண்டும்.

கீழக்கரை_சாய்வு

ரெண்டு குழுவோட ஆறு எண்ணும் அட்டவணைல இருந்தா அவரே சேர்த்துக்குவார். மொத்த வரி மட்டும் இருந்தாத்தான் பிரிக்க முடியாது. 80, 117, 13.61 மூணையும் வெச்சு 112-ஐயும் 132-ஐயும் யாராலயும் திரும்ப எடுக்க முடியாது.

மண்டபம்_ஸ்கேல்

அட்டவணையில் இரண்டு குழுவின் வரியையும் தசமத்தோடு போடுகிறேன். கீழே "அளந்த 80" என்று பெயர் மாற்றி 13.61, அதில் குழு வித்தியாசமும் அடங்கும் என்று ஒரு குறிப்பு. தென்கடல் சராசரிக்கும் தசமம் கிடைத்தால் அந்த எண்ணைத் திருத்துகிறேன். சோதனைக்கு வெல்ச்.

வெர்னியர் சார், நீளத்தைப் பார்த்தாயிற்று. அகலத்தை நீளத்தால் வகுத்தால் தெற்கில் தெளிவாகவே தூக்கல். தெற்கில் அளந்தவரிடம் முள்ளோடு அளந்தாரா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வரும்வரை அட்டவணையை அனுப்பவில்லை.

வெர்னியர்_வேதாளை

முள்ளோடுதான் என்று பதில் வந்தால் ஒரு எண்ணைப் பொதுவாகக் கழித்துவிடாதீர்கள் சார். நண்டு பெரிதானால் முள்ளும் நீளும், உடைந்த முள்ளும் இருக்கும். தெற்கிலேயே பத்துப் பதினைந்து நண்டு எடுத்து இரண்டு விதமாகவும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கோடு போட்டு மாற்றுங்கள். அப்போது 132 மட்டும் இல்லை, அந்த 12-உம் மாறும்.